நடுத்தட்டுச் சட்டி

ஜெயராணியின் சாம்பார் மூன்று நாள் தாங்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. தேங்காய்ப்பால் விட்டால் இரண்டாம் நாளே முகம் சுளிக்க வைக்கும் என்று பால் விடவே மாட்டாள். பருப்பை முதல் நாளே ஊறப்போட்டுவிடுவாள். ஊறிய பருப்பு கால்வாசி நேரத்தில் வெந்துவிடும், காஸும் மிஞ்சும். வெந்ததும் சட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் இறக்கி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் பிரிட்ஜுக்குள் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வைத்த சட்டி புதன்கிழமை மத்தியானம் வரை சோற்றுக்குக் கை கொடுக்கும்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி வீடு அது. வீட்டுக்காரர் இராசரத்தினம் கீழ்மாடியில் இருந்தார். மேலே மூன்று பெண்களுக்கு மூன்று அறை. குசினி ஒன்று, அதுவும் இருவர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய குசினி. இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர் ஒன்று. இடுப்பளவு உயரமுள்ள ஒரு சின்ன பிரிட்ஜ். உள்ளே மேலே ஐஸ் பெட்டி, அதன் கீழே இரண்டு கம்பித் தட்டு, அடியில் மரக்கறிப் பெட்டி, கதவில் சின்னச் சாமான் வைக்க மூன்று ராக்கை. அவ்வளவுதான்.

ஜெயராணி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். நாற்பத்திரண்டு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு புடவைக் கடையில் பதினாறு வருடமாக நிற்கிறாள். இந்த வீட்டில் ஆறு வருடம். அதனால் குசினியின் சட்டங்கள் எல்லாம் அவள் போட்டவை. ஒரு அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதி, பிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தாள். யார் எத்தனை மணிக்கு அடுப்புக்கு வருவது, எந்தத் தட்டு யாருடையது, பெரிய அடுப்பில் சோறு, சின்ன அடுப்பில் கறி, இரண்டு பெரிய பாத்திரங்களை ஒரே நேரத்தில் ஏற்றினால் கைபிடிகள் முட்டும் என்பது வரை அதில் இருந்தது.

நிரோஷா வவுனியாக்காரி. இரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். ஒழுங்கைக்கு வெளியே இருந்த டியூஷன் சென்டர் ஒன்றின் ஒஃபிஸில் வேலை. மீன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது அவளுக்கு. சனிக்கிழமை வாங்கும் மீனைக் கழுவித் துண்டாக்கி, ஒரு வேளைக்கு ஒரு பொதி என்று கட்டி ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிவிடுவாள். ஐஸ் பெட்டியும் மேல் தட்டும் அவளுடையவை. நடுத்தட்டு ஜெயராணிக்கு.

மூன்றாவது அறைக்கு அர்பா வந்தாள். புத்தளத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். 'சொல்' என்பது அவள் பேச்சில் 'செல்' என்றுதான் வரும். காலி வீதியில் ஒரு பார்மசியில் காலை ஷிஃப்ட். விடியக்காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். கொட்டாஞ்சேனையில் சின்னம்மா முறையான சாச்சியின் வீடு இருந்தும், அங்கே ஆட்கள் அதிகம், வேலைக்கு வர இரண்டு பஸ் பிடிக்க வேண்டும் என்று இங்கே வந்திருந்தாள்.

வந்த அன்றே ஜெயராணி அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினாள்.

"கதவுல இருக்கிற ராக்கை எல்லாம் ஒனக்கு. அது இவ்வளவு நாளும் என்னோடது. நீ வந்ததால விட்டுக் குடுத்திருக்கேன். மரக்கறிப் பொட்டியில பாதி எடுத்துக்க. அடுப்பு ஒனக்கு அஞ்சேகால்ல இருந்து அஞ்சேமுக்கால். மத்தியானம் யாரும் இல்ல, நீ ராணி மாதிரி சமைக்கலாம்."

"சரி அக்கா."

"இன்னொன்னு. தப்பா நெனச்சுக்காத. நான் செவ்வாயும் வெள்ளியும் சுத்த சைவம். அந்தச் சட்டிய மட்டும் நீ தொடாத. ஒங்க ஆளுக மாட்டெறச்சி எல்லாம் சாப்பிடுவீங்க இல்லியா, அதுக்குத்தான்."

அர்பா பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். "நான் இங்க மாட்டெறச்சி ஆக்க மாட்டன் அக்கா. ஒங்கட சட்டியத் தொடவும் மாட்டன்" என்றாள். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

கதவு ராக்கைகளை விட்டுக்கொடுத்ததில் ஜெயராணிக்கு ஒரு சிக்கல் வந்தது. முன்பெல்லாம் கறியை ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்து, ஒன்றிரண்டை நடுத்தட்டிலும் மிச்சத்தைக் கதவிலும் வைப்பாள். இப்போது கதவில் இடமில்லை. ஆகவே மூன்று நாள் சாம்பாரையும் ஒரே பாத்திரத்தில் வைக்க, இரண்டு பக்கமும் பிடியுள்ள அகலமான அலுமினியச் சட்டி ஒன்றை வாங்கி வந்தாள். நடுத்தட்டில் அது அளவெடுத்தது போல உட்கார்ந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கிக் கொண்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு ஓடுவாள். வீட்டில் கடைசியாகப் புறப்படுவது அவள்தான்.

அர்பா வந்த மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையின் பின்னறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஒரு புளித்த வாடை அடித்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். சாம்பாரில் லேசான நுரை. இரண்டாம் நாள் சாம்பார் நுரைக்குமா? ஆறு வருடத்தில் நடக்காத காரியம். வெறும் சோற்றை ஊறுகாயோடு தின்றுவிட்டு எழுந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டியைப் பார்த்தாள். அவள் மூடியது போல மூடி இல்லை. மூடியில் ஒரு பக்கம் நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கலைப் பிடிக்கு நேராக வைப்பது அவள் பழக்கம். இப்போது அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. சட்டியும் வைத்த மாதிரி இல்லை. பிடிகள் இரண்டும் இடமும் வலமுமாக இருந்தன.

யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணம் வந்த பிறகு அது போகவில்லை. பழைய சாம்பார் எச்சில் கரண்டி பட்டால் கெட்டுப்போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு மணியிலிருந்து ஒரே ஒருத்தி.

அடுத்த வாரம் நிரோஷாவும் முணுமுணுத்தாள். "அக்கா, என்ர மீன் பொதி எல்லாம் இளகிப் போய்க் கிடக்குது. ஐஸும் சரியாப் பிடிக்கேல்ல. உருகித் தண்ணி ஒழுகியிருக்குது. ஆரோ பிரிட்ஜை நெடுகத் திறந்து திறந்து பாக்கினம் போல."

"ஆரோன்னா?" ஜெயராணி கேட்டாள்.

நிரோஷா மூன்றாவது அறைப்பக்கம் கண்ணைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன கிழமை ஒரு ஃபைலை மறந்து போட்டு ரெண்டு மணி போல வந்தனான். அவ உங்கட சட்டியைக் கையில வச்சுக்கொண்டு நிண்டவ. என்னைக் கண்டதும் கெதியா உள்ள வச்சிட்டா. கண்ணால கண்டனான் அக்கா. உங்களுக்குச் சொல்லுவமோ விடுவமோ எண்டு இருந்தனான்."

ஜெயராணிக்குக் காது சுட்டது. திருடித் தின்றதை விட, தொடாதே என்று சொல்லியும் தொட்டாளே என்பதுதான் அவளைக் குடைந்தது. அந்தக் கை எதைத் தொட்டுவிட்டு வந்த கையோ. அன்று வெள்ளிக்கிழமை. சட்டியில் இருந்ததை அப்படியே குப்பைப் பையில் கொட்டிக் கட்டினாள். சட்டியைச் சாம்பல் தூள் போட்டுத் தேய்த்தாள். அர்பா தன் அறையிலிருந்து வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, "சாம்பார் கெட்டுட்டா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. கெட்டுத்தான் போகுது இப்பல்லாம்."

"அக்கா, நான் ஒண்ணு செல்லவா? அந்தச் சட்டி கொஞ்சம் பெருசு போல..."

"என் சட்டிய நான் பாத்துக்கிறேன்."

அர்பா போய்விட்டாள். அந்தப் பிள்ளை ஏன் சட்டியைப் பற்றிப் பேச வந்தது என்று ஜெயராணி யோசித்தாள். குற்றம் செய்தவர்கள்தான் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். புடவைக் கடையில் அவள் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு அவள் காவல்காரியானாள். குசினியில் அர்பா அடுப்பை நிறுத்திய பிறகு, காஸ் வால்வை மூடினாளா என்று போய்ப் பார்ப்பாள். மூடித்தான் இருக்கும். அர்பாவின் கதவு ராக்கையில் இருப்பதை நோட்டம் விடுவாள். ஒரு போத்தல் தயிர், நாலு முட்டை, பாணுக்குப் பூசும் மார்ஜரின், பச்சை மிளகாய் ஒரு பொட்டலம். இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டு ஒருத்தியால் இருக்க முடியுமா? மிச்சத்தை எங்கே சாப்பிடுகிறாள்?

புதன்கிழமை காலை, சட்டியை உள்ளே வைத்தபின் ஒரு வெள்ளை நூலை எடுத்து, சட்டியின் பின்பக்கப் பிடியையும் தட்டின் கம்பியையும் சேர்த்து மெல்லிதாகக் கட்டினாள். இரவு வந்து பார்த்தபோது நூல் அறுந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமையும் கட்டினாள். அன்று கடை முதலாளியிடம் தலை இடிக்கிறது என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டாள். பதினாறு வருடத்தில் தலையிடிக்கு லீவு கேட்காதவள் கேட்டதால் அவர் மறுக்கவில்லை. பஸ் ஏறி ஒன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். குசினிப் பக்கம் போகவே இல்லை. எதையும் தொட்டுக் குழப்பக் கூடாது, எல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்று நேராகத் தன் அறைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். வெயிலில் அறை வெந்தது. காத்தாடியைக் கூடப் போடவில்லை.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. அர்பாவின் பை வைக்கும் சத்தம். பைப் தண்ணீர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிரிட்ஜ் கதவு, அதன்பின் அலுமினியம் கம்பியில் உரசும் சத்தம்.

ஜெயராணி எழுந்து போய்க் குசினி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

அர்பா குந்தியிருந்தாள். சட்டி அவளுடைய இரண்டு கையிலும் இருந்தது. கம்பித்தட்டில் நூலின் ஒரு துண்டு.

"மாட்டிக்கிட்டியா?" என்றாள் ஜெயராணி.

அர்பா திடுக்கிட்டதில் சட்டி சாய்ந்து சாம்பார் கொஞ்சம் தரையில் சிந்தியது. "அக்கா... நீங்க வேலைக்குப் போகலயா? இது, கதவு..."

"எந்தக் கதவு? நான் ரூம் கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருப்பேன்னு நெனக்கல இல்ல? தொடாதன்னு சொன்னேன்ல. மொத நாளே சொன்னேன்ல. எத்தன நாளா நடக்குது இது?"

"நான் ஒண்ணும் எடுக்கல. நீங்க வந்து பாருங்க, இந்தக் கதவு..."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்! கையில சட்டிய வச்சுக்கிட்டு எடுக்கலங்கிற. நிரோஷாவும் பாத்திருக்கா. ஒனக்குப் பசின்னா கேட்டிருக்கலாம் புள்ள. நான் போடாமலா இருந்திருப்பேன்? எறச்சியத் தொட்ட கரண்டிய விட்டுக் கிண்டி, எனக்குச் சைவ நாளையும் கெடுத்து..."

அர்பாவின் முகத்தில் இருந்த பதற்றம் அந்தச் சொல்லோடு நின்றுபோனது. அவள் சட்டியை மெதுவாக அடுப்பு மேடையில் வைத்தாள். துணியை எடுத்துச் சிந்தியதைத் துடைத்தாள். துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டாள். திரும்பி நின்றபோது கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் குரல் நேராக இருந்தது.

"அப்ப, நான் களவெடுத்துத் திண்டன்டு நெனச்சு நூல் கட்டியிருக்கீங்க."

"நூல் பொய் சொல்லுமா?"

"இல்ல அக்கா. நான் ஒங்கட சட்டியத் தொட்டது உண்மதான். ஒவ்வொரு நாளும் தொட்டன். இதுக்கு மேல நான் என்னத்தச் சென்னாலும் நீங்க நம்பப் போறல்ல."

சனிக்கிழமை ஒரு த்ரீவீலில் அவளுடைய சாமான் எல்லாம் ஏறியது. ஒரு சூட்கேஸ், ஒரு மெத்தை, ஒரு தாச்சிச் சட்டி, இரண்டு கோப்பை. இராசரத்தினம் கீழே நின்று, "என்ன பிள்ளை, மூண்டு மாசம் கூட ஆகேல்லையே" என்றார். "சாச்சி வரச் சென்னாங்க அங்கிள்" என்றாள் அர்பா. மேலே பல்கனியில் நின்ற ஜெயராணிக்கு அது கேட்டது. கள்ளியாக இருந்தாலும் வீட்டு விஷயத்தைத் தெருவில் போடவில்லையே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக, முதல் நாள் ஊறப்போட்ட பருப்போடு பூசணியும் முருங்கைக்காயும் போட்டு ஒரு சட்டி சாம்பார் வைத்தாள். கதவு ராக்கைகள் இப்போது வெறுமையாக இருந்தன. திங்கள் காலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று மாலை அவள் மாடிப்படி ஏறும்போதே நிரோஷாவின் குரல் கேட்டது. குசினித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைக் கண்ட பதற்றத்தில் நிரோஷா பிரிட்ஜை அகலத் திறந்து போட்டிருந்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய மீன் தண்ணீர் மேல் தட்டு, நடுத்தட்டு, மரக்கறிப் பெட்டி எல்லாவற்றையும் நனைத்திருந்தது. ஆறு பொதி மீனும் கூழாகிக் கிடந்தது. சட்டியைத் திறந்தால் மூக்கை மூட வேண்டியிருந்தது. முன்பு இரண்டாம் நாள் புளித்தது, இன்று முதல் நாளே போய்விட்டது.

"இப்ப ஆர் எடுத்தது அக்கா?" என்றாள் நிரோஷா. மூக்கைப் பொத்திக்கொண்டு மீனைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அவதான் போயிட்டாவே."

ஜெயராணிக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "சாவி! இன்னொரு சாவி வெட்டி வச்சிருக்கா. ஆத்திரத்துல வந்து பிரிட்ஜ நிப்பாட்டிட்டுப் போயிருக்கா."

அந்தக் கோலத்திலேயே படியிறங்கி இராசரத்தினத்தின் கதவைத் தட்டினாள். பூட்டை மாற்ற வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை ரெண்டு திறப்பையும் என்ர கையில தந்திட்டுத்தான் போனவ. நான் இண்டைக்கு முழுக்க இந்த விறாந்தையிலதான் இருந்தனான். நீர் எட்டு மணிக்குப் போனீர். அதுக்குப் பிறகு ஒரு பூனை கூட மேல ஏறேல்ல. பின்னேரம் நிரோஷாதான் முதல் வந்தவ."

"பிரிட்ஜு பழுதா இருக்கும் அப்ப."

"பழுதெண்டா இரவிலயும் குளிராது. இரவில குளிருதோ?"

குளிர்ந்தது. அன்று இரவும் நன்றாகவே குளிர்ந்தது. காலையில் கை வைத்துப் பார்த்தபோது தண்ணீர்ப் போத்தல் பல் கூசும்படி இருந்தது. ஐஸ் பெட்டியின் ஓரத்தில் புது ஐஸ் பிடித்திருந்தது. பகலில் மட்டும் கெடும் பிரிட்ஜ் எங்கேயாவது உண்டா? அப்படியானால் பகலில் யார்? நிரோஷாவை நினைத்துப் பார்த்தாள். டியூஷன் சென்டர் கூப்பிடு தூரத்தில். முன்பு ஒரு நாள் இரண்டு மணிக்கு வந்தேன் என்றாளே, அது ஏன்? ஒரு நாள்தான் வந்தாளா? ஆனால் அவளுடைய மீனும்தானே போனது.

செவ்வாய்க்கிழமை காலை அவசரமாகப் பருப்பும் தக்காளியும் மட்டும் போட்டு அதே சட்டியில் கொஞ்சம் வைத்தாள். நிரோஷா ஏழேகாலுக்கே போய்விட்டாள். ஆறவைத்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஒழுங்கை முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டி அடுப்பு மேடையிலேயே இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்ப மூன்று மாடி ஏறினாள்.

குசினிக்கு ஜன்னல் சின்னது. காலையிலும் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலில், பிரிட்ஜின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது.

கிட்டப் போனாள். கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை வைத்தால் இடுக்கு வழியாகக் குளிர் காற்று வழிந்தது. நிமிடத்துக்கு நிமிடம் மோட்டார் இரைந்து இரைந்து வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. வீட்டில் யாரும் இல்லை. யாரும் வந்திருக்கவும் முடியாது.

கதவைத் திறந்து பார்த்தாள். சட்டியின் ஒரு பிடி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள். மூடிக்கொண்டது. கை எடுத்து நின்று பார்த்தாள். பிடியின் நுனி கதவு ராக்கையின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது; ரப்பர் ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தது. கதவு சத்தமில்லாமல் ஒரு விரல் அகலம் பின்வாங்கி நின்றது. மஞ்சள் கோடு.

சட்டியைக் கால்வட்டம் திருப்பினாள். பிடிகள் இடமும் வலமுமாகப் போயின. இப்போது சாத்தியதும் டப் என்று ஒரு சத்தம். இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

இரவில் நிதானமாக வைக்கும்போது அவள் கை தானாகவே அப்படித் திருப்பி வைத்திருக்கிறது. காலையில் ஓட்டத்தில் எப்படியோ தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை அந்தக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருத்தி வந்து சட்டியை எடுத்துத் திருப்பி வைத்துச் சாத்தியிருக்கிறாள். அவள் போன பிறகு சாத்துவதற்கு ஆளில்லை.

ஜெயராணி கதவை இன்னொரு தரம் இழுத்துச் சாத்திப் பார்த்தாள். அன்று அவள் வேலைக்குப் பிந்திப் போனாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவும் மறந்துவிட்டாள்.

மத்தியானம் பின்னறையிலிருந்து அர்பாவுக்குக் கோல் எடுத்தாள். இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தாள்.

"அர்பா, நான் ஜெயராணி அக்கா. ஒன்னய வந்து பாக்கணும் புள்ள."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது. "என்னத்துக்கு?"

"நேர்ல சொல்றேன்."

"ஞாயிறு வாங்க" என்று சொல்லி அர்பா இடத்தைச் சொன்னாள்.

கொட்டாஞ்சேனையில், கடைத்தெருவிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது சாச்சி வீடு. வாசலில் எட்டுச் சோடிச் செருப்பு. ஹமீமா சாச்சி கதவைத் திறந்து, பெயரைக் கேட்டதும் முகம் கொஞ்சம் இறுகி, என்றாலும் உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரோரம் அர்பாவின் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு இங்கே அறை இல்லை என்பது அதைப் பார்த்ததும் தெரிந்தது.

அர்பா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, ஜெயராணி குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயராணி கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தாள். நாக்கு சுட்டது.

"கதவு" என்றாள். "நீ சொல்ல வந்தது பிரிட்ஜு கதவத்தான். நான் விடல."

"ஓ."

"ஏன் புள்ள மொதல்லயே சொல்லல? மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"என்னெண்டு செல்லுற? தொடாதன்டு நீங்க சென்ன சட்டிய நான் தொட்டுத் திருப்பி வெச்சன்டா? சென்னா கழுவிக் கொட்டிடுவீங்க. செல்லாட்டி சாப்பாடாவது மிஞ்சும்டு நெனச்சன்." அர்பா மெத்தையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு நாள் செல்லப் பாத்தன். சட்டி பெருசுன்டு. நீங்க வாயத் தொறக்க விடல."

ஜெயராணிக்குச் சொல்வதற்கு நிறைய இருப்பதாக வழியெல்லாம் தோன்றியிருந்தது. கோப்பையைக் கீழே வைத்தாள். "தப்பு என்னோடது. என்னய மன்னிச்சிரு" என்றாள். "திரும்பி வந்துரு. அந்த ரூம் அப்படியேதான் இருக்கு. இங்கருந்து நீ எத்தன மணிக்குக் கெளம்புற?"

"நாலே முக்காலுக்கு."

"பாத்தியா. வந்துரு. நடுத்தட்ட நீ எடுத்துக்க. நான் கதவுல வச்சுக்கிறேன்."

அர்பா சிரித்தாள். அது கோபச் சிரிப்பில்லை. "கோவம் ஒண்ணும் இல்ல அக்கா. ஆனா நான் வர மாட்டன். அங்க வந்தா, நான் பிரிட்ஜத் தொறக்கக்குள்ள எல்லாம் ரூமுக்குள்ள ஆர் இருக்காங்கன்டு பாப்பன். எனக்கு அது ஏலாது. இங்க நெருக்கம்தான். ஆனா ஒருத்தரும் என்னப் பாத்துட்டு ஈக்கல்ல."

ஹமீமா உள்ளேயிருந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மகள்" என்று குரல் கொடுத்தார். ஜெயராணி வற்புறுத்தலுக்குக் காத்திருக்காமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தன. அர்பாவே பரிமாறினாள். யாரும் பழைய கதையைப் பேசவில்லை. சாச்சியின் மூத்த மகள் புடவை விலை கேட்டாள், ஜெயராணி சொன்னாள்.

திரும்பி வரும்போது மாலையாகிவிட்டது. நிரோஷா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாறாவாமோ?"

"இல்ல."

ஜெயராணி எல்லாவற்றையும் சொன்னாள். சட்டியின் பிடி, ராக்கையின் விளிம்பு, மஞ்சள் கோடு எல்லாம். நிரோஷா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ர மீன் அவ்வளவும் போனது உங்களாலயோ?"

"ஆமா. என்னாலதான்."

"நான் கண்டது உண்மைதான் அக்கா. அவ சட்டியை வச்சுக்கொண்டு நிண்டவதான்."

"நீ கண்டது சரி. கண்டத நாம ரெண்டு பேரும் நெனச்ச விதம்தான் சரியில்ல." ஜெயராணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நானும் ஒன்னயக் கூடச் சந்தேகப்பட்டேன் நிரோஷா. செவ்வாக்கிழம காலையில. நீ பகல்ல வந்து போறியோன்னு."

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிடும் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள். நிரோஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மீனை வெட்டி முடித்து, பொதி கட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள்.

ஜெயராணி பெரிய சட்டியைக் கழுவி, தன் அறைக் கட்டிலின் கீழே தள்ளினாள். ஒரு நாளுக்கு மட்டும் சமைப்பது என்று முடிவு செய்தாள். பருப்பு ஒரு சுண்டு அளவு, காய் ஒன்றிரண்டு. சின்ன அடுப்பே போதும்.

மறுநாள் காலை ஆறரைக்குத் தன் முறைக்குக் குசினிக்கு வந்தபோது, நிரோஷாவின் பால்மா டப்பா, மீன் பொதிகள், தயிர்ச் சட்டி எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரால் பெயர் எழுதியிருந்தது. தயிர்ச் சட்டியில், தயிர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு ஒரு கோடும் போட்டிருந்தது. இரண்டு வருடத்தில் நிரோஷா எதிலும் பெயர் எழுதியதில்லை.

ஜெயராணி அதைப் பற்றிக் கேட்கவில்லை. பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, தக்காளியை வெட்டத் தொடங்கினாள்.